இழையா, மொட்டா? பூஞ்சையை ஆய்வகம் அடையாளம் காணும் விதம்

2021 மே மாதம், கொரோனாவின் இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது, நம் ஊரில் பூஞ்சைகளுக்கு நிறம் வந்துவிட்டது. முதலில் கறுப்புப் பூஞ்சை என்றார்கள். சில நாட்களில் வெள்ளைப் பூஞ்சை வந்தது, அதன் பின்னாலேயே மஞ்சள் பூஞ்சை. எது எதைவிடக் கொடியது என்று வாட்ஸ்அப்பில் தரவரிசை கூட ஓடியது. வெங்காயத் தோலிலும் குளிர்சாதனப் பெட்டியின் ரப்பர் விளிம்பிலும் படியும் கறுப்புப் பொடிதான் அந்த நோயைத் தருகிறது என்று ஒரு செய்தி பரவி, நல்ல வெங்காயத்தையெல்லாம் குப்பையில் போட்டவர்கள் உண்டு.

கறுப்புப் பூஞ்சை என்று நாம் சொன்ன நோயின் பெயர் மியூகார்மைகோசிஸ். அதை உண்டாக்குவதில் முதலிடம் ரைசோபஸ் என்ற பூஞ்சைக்கு. ஆய்வகத் தட்டில் வளர்த்தால் அது முதலில் வெள்ளைப் பஞ்சு போல எழும்பும், பிறகு சாம்பல் நிறமாகும். நோயாளியின் மூக்கிலும் அண்ணத்திலும் தெரியும் கறுப்பு, செத்துப்போன சதையின் நிறம். இந்தப் பூஞ்சை ரத்தக் குழாய்ச் சுவரைத் துளைத்து உள்ளே போகும். அங்கே ரத்தம் உறைந்து, அதற்கு அப்பால் உள்ள திசு ரத்தமின்றிக் கருகிவிடும். வெள்ளைப் பூஞ்சை என்று அழைக்கப்பட்டதோ பெரும்பாலும் கேண்டிடா. அது ஒரு ஈஸ்ட். குழந்தையின் நாக்கில் வெள்ளையாகப் படிவதும் சர்க்கரை நோயாளிக்குத் தோல் மடிப்பில் அரிப்பெடுப்பதும் அதனால்தான். வெங்காயத்தின் கறுப்புப் பொடி ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர். மூன்றும் மூன்று வேறு உயிர்கள். ஒன்றுக்குக் கொடுக்கும் மருந்து இன்னொன்றுக்குக் கேட்காமல் போகலாம்.

ஆகவே ஆய்வகம் நிறத்தில் தொடங்குவதில்லை. நுண்ணோக்கியில் கண்ணை வைத்ததும் எழும் முதல் கேள்வி, இது இழையா, மொட்டு விடும் செல்லா என்பதுதான்.

பூஞ்சைகள் எல்லாமே வெளியே சமைத்து உள்ளே உறிஞ்சுபவை. நொதிகளைச் சுற்றிலும் கசியவிட்டு, கரைந்து வருவதை உடல் சுவர் வழியாக எடுத்துக்கொள்ளும். இப்படிப் பிழைக்க இரண்டு உடலமைப்புகள் உண்டு. ஒன்று இழை. இழைப்பூஞ்சையின் நூல் அதன் நுனியில் மட்டும் நீளும். நீண்டு, கிளைத்து, பின்னிப் பிணைந்து ஒரு வலையாகும். ரொட்டி, மரக்கட்டை, சதை போன்ற திடப்பொருளுக்குள் முட்டித் துளைத்துப் போக இந்த வடிவம் வசதி. மற்றொன்று ஈஸ்ட்: தனிச் செல், முட்டை வடிவம். பக்கவாட்டில் ஒரு சிறு மொட்டு தோன்றிப் பெரிதாகும், கருவும் பிரிந்து ஒரு பாதி அதற்குள் போகும், கழுத்து இறுகிப் பிரியும். பிரிந்த இடத்தில் தாய்ச் செல்லின் சுவரில் ஒரு தழும்பு நிற்கும். கள், பழச்சாறு, ரத்தம் என்று மிதந்து போகக்கூடிய இடங்களில் இந்த உடல்தான் கைகொடுக்கும்.

தோற்றம் இவ்வளவு மாறினாலும் அடிப்படைக் கட்டுமானம் ஒன்றே. செல்லைச் சுற்றிக் கைட்டினும் குளுக்கனும் சேர்ந்த கெட்டிச் சுவர். அதற்குள்ளே நம் செல்களில் கொலஸ்ட்ரால் இருக்கும் இடத்தில் எர்கோஸ்டிரால் கலந்த சவ்வு. பூஞ்சைக் கொல்லி மருந்துகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றைத்தான் குறிவைக்கின்றன. ஆய்வகத்தின் முதல் சோதனையும் அந்தச் சுவரை நம்பித்தான் நடக்கிறது.

சர்க்கரை கட்டுக்கடங்காத ஒரு நோயாளியை எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கக் கன்னம் வீங்கி மரத்துப் போயிருக்கிறது, அந்தப் பக்கக் கண் மங்குகிறது. காது மூக்கு தொண்டை மருத்துவர் எண்டோஸ்கோப்பை விட்டு, மூக்கின் உள்ளே கருகிய இடத்தின் ஓரத்திலிருந்து சிறு துண்டுகளை வெட்டி எடுக்கிறார். ஒரு பங்கு ஃபார்மலினில் போட்டு நோய்க்கூறியல் துறைக்குப் போகும். இன்னொரு பங்கு வெறும் உப்புநீரில் நுண்ணுயிரியல் ஆய்வகத்துக்கு வரவேண்டும். அவசரத்தில் இரண்டையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் கதை முடிந்தது: ஃபார்மலின் பூஞ்சையைக் கொன்றுவிடும், வளர்க்க எதுவும் மிஞ்சாது.

ஆய்வகத்தில் ஒரு துளி பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் திசுத் துணுக்கை வைத்துக் கண்ணாடி மூடியால் அழுத்துகிறார்கள். எல்லோரும் இதை 'கே.ஓ.எச். பார்ப்பது' என்றே சொல்வார்கள். கரைசலின் வலு 10 முதல் 20 சதவீதம். காரம் மனிதத் திசுவைக் கரைத்துக் கண்ணாடி போலத் தெளிவாக்கும். கைட்டின் சுவர் அதற்கு மசியாமல் நிற்கும். சதை விலகப் பூஞ்சை மட்டும் தெரியும். சில ஆய்வகங்கள் இதனுடன் கால்கோஃபுளோர் வெள்ளை என்ற சாயத்தையும் சேர்க்கும். அது சுவரில் ஒட்டிக்கொண்டு, புற ஊதா ஒளியில் இழையை வெளிர் நீலமாக ஒளிர வைக்கும். கண்ணுக்கு வேலை பாதியாகும்.

நம் நோயாளியின் ஸ்லைடில் தெரிவது அகலமான நாடா. ஒரு சிவப்பணுவின் குறுக்களவு ஏறக்குறைய 7 மைக்ரான். இந்த இழை பல இடங்களில் அதைவிட அகலம். ஒரே சீராக இல்லாமல் ஓரிடத்தில் புடைத்து, ஓரிடத்தில் ஒடுங்கி, சில இடங்களில் ரிப்பன் போல மடிந்து கிடக்கிறது. கிளைகள் ஏறக்குறைய செங்குத்தாகப் பிரிகின்றன. முக்கியமாக, குறுக்குச்சுவர்கள் அனேகமாக இல்லை. உள்ளே தடையே இல்லாத நீண்ட குழாய் அது. உயிர்ப்பொருளும் கருக்களும் அதில் தாராளமாக ஓடலாம். ரைசோபஸ் குடும்பம் வெகு வேகமாகப் பரவ இதுவும் ஒரு காரணம். இதே இடத்தில் ஆஸ்பெர்ஜில்லஸ் இருந்திருந்தால் 3 முதல் 6 மைக்ரான் அகலத்தில் சீரான மெல்லிய இழை தெரிந்திருக்கும். இடைவெளி விட்டுக் குறுக்குச்சுவர்கள், 45 டிகிரிச் சாய்வில் கவைக் கிளைகள்.

இந்த வித்தியாசத்தைச் சொல்ல நாள் கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. திசு கரைந்து தெளிந்ததும் சொல்லிவிடலாம், சொல்லியாகவும் வேண்டும். ஆஸ்பெர்ஜில்லஸுக்கு முதலில் எடுக்கும் மருந்தான வோரிகோனசோல், ரைசோபஸ் குடும்பத்திடம் பலிக்காது. இங்கே தேவை ஆம்போடெரிசின் பி, கூடவே அறுவை சிகிச்சை. அதனால்தான் ஆய்வகத்தினர் அறிக்கை அச்சாகக் காத்திராமல் வார்டுக்கு உடனே போன் செய்கிறார்கள்.

ஏமாறும் இடங்களும் இங்கே உண்டு. மடிந்த நாடாவின் மடிப்புக் கோடு குறுக்குச்சுவர் போலவே தெரியும். மூடியை அழுத்தும்போது இழைகள் நகர்ந்து கோணம் மாறிவிடும். மூக்கில் வைத்த பஞ்சின் நார் பார்வைக்கு அகலமான பூஞ்சை இழையைப் போலவே இருக்கும். அனுபவசாலிகள் ஒரே ஒரு கிளையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதில்லை. பல இடங்களைப் பார்த்து, அகலத்துக்கும் சீரின்மைக்கும்தான் கோணத்தைவிட அதிக மதிப்பெண் கொடுப்பார்கள்.

அடுத்த வேலை வளர்ப்பது. இங்கே ஒரு முரண் இருக்கிறது. மற்றத் திசுக்களை வளர்ப்பதற்கு முன் அம்மியில் போடாத குறையாக அரைப்பார்கள்; உள்ளே இருக்கும் கிருமி வெளியே வரட்டும் என்று. ரைசோபஸ் இருக்கும் என்று சந்தேகித்தால் அரைக்கவே கூடாது. குறுக்குச்சுவர் இல்லாத குழாயை ஓரிடத்தில் நசுக்கினால் உயிர்ப்பொருள் மொத்தமும் வழிந்து இழை செத்துவிடும். ஆஸ்பெர்ஜில்லஸுக்கு இந்த ஆபத்து குறைவு; ஓர் அறை உடைந்தால் அடுத்த அறை தன் துளையை அடைத்துக்கொள்ளும். ஆகவே திசுவைக் கத்தியால் பொடியாக நறுக்கி, துண்டு துண்டாக ஊடகத்தில் பதிப்பதுதான் முறை. குளிர்பதனப் பெட்டியில் வைத்து மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்பதும் ஆகாது. கே.ஓ.எச்.சில் இழை தெளிவாகத் தெரிந்தும் தட்டில் ஒன்றும் முளைக்காமல் போவது இந்த நோயில் சாதாரணமாக நடப்பது. அப்போது நுண்ணோக்கி கண்டதுதான் சாட்சி.

ஊடகம் சபோரோ அகார். ரேமண்ட் சபோரோ என்ற பிரெஞ்சுத் தோல் மருத்துவர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்தது. பெப்டோன் 1 சதவீதம், சர்க்கரை 4 சதவீதம், கொஞ்சம் புளிப்பான 5.6 பி.எச். இந்தப் புளிப்பில் பாக்டீரியாக்கள் திணறும், பூஞ்சைகள் செழிக்கும். பாக்டீரியாவை இன்னும் அடக்கக் குளோராம்ஃபெனிகால் சேர்ப்பார்கள். சைக்ளோஹெக்சிமைடு கலந்த வகையும் உண்டு. அது படர்தாமரைக் கிருமிகளைத் தேட நல்லது. ரைசோபஸையும் ஆஸ்பெர்ஜில்லஸையும் அது அமுக்கிவிடும் என்பதால் இந்த நோயாளிக்கு அதை மட்டும் நம்பக் கூடாது.

தட்டுகளை 25 டிகிரியிலும் 37 டிகிரியிலும் வைக்கிறார்கள். ரைசோபஸ் ஓரிரு நாளில் தட்டையே நிரப்பி மூடியைத் தொடும். சில சமயம் மூடியைத் தூக்கவும் செய்யும். சாம்பல் பஞ்சின் மேல் கடுகைவிடப் பொடியான கறுப்புப் புள்ளிகள் தெரியும். பழைய ரொட்டியில் வளர்வதும் இதன் உறவுக்காரப் பூஞ்சைதான், ரைசோபஸ் ஸ்டோலோனிஃபெர். ஆனால் அதற்கு உடல் வெப்பம் ஒத்துவராது, 37 டிகிரியில் வளராது. மனிதரைத் தாக்கும் ரைசோபஸ் அரைசஸ் அந்தச் சூட்டில் தாராளமாக வளரும். இரண்டு வெப்பநிலையில் வைப்பதன் பயன்களில் இதுவும் ஒன்று.

இனி யார் என்று பார்க்க வேண்டும். செல்லோடேப்பின் ஒட்டும் பக்கத்தைத் தட்டின் ஓரத்தில் மெல்லத் தொட்டு எடுத்து, லாக்டோஃபீனால் காட்டன் புளூ என்ற நீலச் சாயத் துளியின் மேல் வைக்கிறார்கள். அதிலுள்ள ஃபீனால் பூஞ்சையைக் கொல்லும், லாக்டிக் அமிலம் வடிவம் குலையாமல் காக்கும், நீலம் சுவரில் ஏறும். பார்த்தால் ஓர் அழகான அமைப்பு தெரிகிறது. வல்லாரைக் கொடி தரையோடு ஓடிக் கணுவுக்குக் கணு வேர் விடுவது போல, ஓடுதண்டு ஒன்று அகார் மேல் வளைந்து போகிறது. அது தொட்ட இடத்தில் கீழே வேரிழைக் கொத்து. அந்தக் கொத்துக்கு நேர் மேலே, கிளையில்லாத பழுப்புக் காம்புகள் இரண்டு மூன்று. ஒவ்வொரு காம்பின் தலையிலும் ஓர் உருண்டைப் பை, அதற்குள் ஆயிரக்கணக்கில் வித்துகள். பையின் நடுவே குமிழ் மாதிரி ஒரு தூண் எழுந்து நிற்கும். முதிர்ந்து பை கிழிந்ததும் அந்தக் குமிழ் சரிந்து, காற்றில் மடங்கிய குடை போலத் தொங்கும்.

வேரிழை காம்புக்கு நேர் கீழே என்பதால் இது ரைசோபஸ். வேரிழையே இல்லையென்றால் மியூகார். வேரிழை இரண்டு காம்புக் கொத்துகளுக்கு இடைப்பட்ட தண்டில் இருந்து, பைக்குக் கீழே காம்பு புனல் போல விரிந்தால் லிக்தெய்மியா. வெங்காயத்து ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜரில் பை என்ற ஏற்பாடே கிடையாது. காம்பின் தலை உருண்டு பருத்து, அதன் மேல் முழுவதும் வித்துகள் சரம் சரமாக வெளியே அடுக்கப்பட்டிருக்கும். கறுப்பு நிறம் அந்த வித்துகளுடையது. வித்து பைக்குள்ளா, சரமாக வெளியிலா என்பதைப் பார்த்தாலே இரண்டு குடும்பங்களும் பிரிந்துவிடும்.

கவனித்தால், இங்கே அடையாளமாகப் பயன்பட்டது எல்லாமே பூஞ்சையின் இனப்பெருக்கக் கருவிகள். வெறும் இழையைப் பார்த்துக் குடும்பத்தைச் சொல்லலாம். பெயரைச் சொல்ல வித்து வேண்டும். அதுவும் பாலிலா இனப்பெருக்க வித்து. ரைசோபஸுக்குப் பாலினச் சேர்க்கையும் உண்டு. கூட்டல், கழித்தல் என்று குறிக்கப்படும் இரண்டு வகைகள் எதிரெதிரே வளர்ந்து நுனி தொட்டு, கறுத்துச் சொரசொரத்த ஒரு கெட்டி வித்தை உண்டாக்கும். ஒரே வகை தனியாக இருந்தால் அது நடக்காது என்று ஆல்பர்ட் பிளேக்ஸ்லீ என்ற அமெரிக்கர் 1904இல் காட்டினார். ஒரு நோயாளியிடமிருந்து வருவது பெரும்பாலும் ஒரே வகைதான். எனவே மருத்துவமனை ஆய்வகத்தில் அந்தக் கறுத்த வித்தைக் காண்பதே அபூர்வம். பால்நிலையைப் பார்த்தவர் ஒரு பெயரும் பாலிலா நிலையைப் பார்த்தவர் வேறு பெயரும் வைத்து, பல பூஞ்சைகள் நெடுங்காலம் இரட்டைப் பெயரோடு திரிந்தன. 2011இல் மெல்போர்ன் மாநாட்டில்தான் ஒரு பூஞ்சைக்கு ஒரு பெயர் என்று முடிவானது.

வித்தே விடாத பூஞ்சை வந்தால் என்ன செய்வது? விபத்தில் மண் புகுந்த காயங்களில் அபோஃபைசோமைசிஸ் என்ற ஒன்று வருவதுண்டு. அந்தப் பேரினமே இந்திய மண்ணிலிருந்து கண்டெடுக்கப்பட்டு 1979இல் விவரிக்கப்பட்டதுதான். சபோரோ அகாரில் வெள்ளைப் பஞ்சாக வேகமாக வளரும், ஒரு வித்துக்கூட இருக்காது. சத்துள்ள உணவில் சும்மா வளர்ந்துகொண்டே போகும் இதைப் பட்டினி போட வேண்டும். வளர்ந்த அகாரில் சதுரமாக ஒரு துண்டு வெட்டி, மிகச் சிறிதளவு ஈஸ்ட் சாறு சேர்த்த சுத்த நீரில் போட்டு 37 டிகிரியில் வைத்தால், ஒரு வாரம் பத்து நாளில் வித்துப்பைகள் தலைகாட்டும். பைக்குக் கீழே மணி வடிவில் விரிந்த காம்பைக் கண்டதும் பெயர் தெரிந்துவிடும்.

ஈஸ்ட் விஷயத்தில் இந்த உத்திகள் எதுவும் உதவாது. தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வந்த ரத்தக் குப்பியில் வளர்ச்சி என்று கருவி மணியடிக்கிறது. ஒரு துளியை கிராம் சாயமிட்டுப் பார்த்தால் கருநீல முட்டைகள், சிலவற்றின் ஓரத்தில் குட்டி மொட்டு. ஈஸ்ட் என்பது அந்த நிமிடமே தெரியும். எந்த ஈஸ்ட்? தட்டில் எல்லாம் ஒரே மாதிரி வெண்ணெய்ப் பொட்டுகள். ஸ்லைடில் எல்லாம் ஒரே மாதிரி முட்டைகள். இழைப்பூஞ்சை தன் உருவத்தாலேயே தன்னைக் காட்டிக்கொடுக்கும். ஈஸ்டோ ஏதாவது செய்ய வைத்தால்தான் பிடிபடும்.

அதில் மிகப் பழையது, மிக மலிவானது, முளைக்குழாய்ச் சோதனை. அரை மில்லி மனித சீரத்தில் ஈஸ்டைக் கண்ணுக்குத் தெரியாத அளவில் தொட்டுக் கலக்கி, 37 டிகிரியில் இரண்டரை மணி நேரம் வைத்து ஒரு துளியைப் பார்க்க வேண்டும். கேண்டிடா அல்பிகன்ஸ் என்றால் முட்டையிலிருந்து நேராக ஒரு குழாய் நீண்டிருக்கும். குழாய் தொடங்கும் இடத்தில் இடுக்கு இருக்கக் கூடாது. அதுதான் பார்க்க வேண்டிய புள்ளி. கேண்டிடா ட்ராப்பிகாலிஸும் நேரம் கொடுத்தால் நீளும், ஆனால் அது நீண்ட மொட்டு, அடியில் இடுப்பு மாதிரி ஒடுங்கியிருக்கும். மூன்று மணி நேரத்தைத் தாண்டிப் பார்த்தாலோ, ஈஸ்டை அள்ளிப் போட்டாலோ முடிவு தப்பாகும். ஒழுங்காகச் செய்தாலும் டப்ளினியென்சிஸ் என்ற நெருங்கிய உறவு அல்பிகன்ஸ் போலவே குழாய் விடும். இரண்டையும் பிரிக்க வேறு சோதனை வேண்டும். முட்டையாக இருந்தது குழாயாக நீள்வதைப் பார்க்கும்போதே, ஈஸ்டும் இழைப்பூஞ்சையும் இரண்டு சாதிகள் அல்ல, வாழ்வதற்கான இரண்டு உருவங்கள்தான் என்பதும் புரியும்.

அடுத்து நிற அகார். ஒவ்வொரு ஈஸ்டின் நொதியும் வெவ்வேறு சாயப் பொருளை உடைப்பதால் அல்பிகன்ஸ் பச்சையாகவும் ட்ராப்பிகாலிஸ் நீலமாகவும் வளரும். எந்தெந்தச் சர்க்கரையைத் தின்கிறது என்று பார்க்கும் தானியங்கிக் கருவிகளும் உண்டு. அவற்றை ஏமாற்றியது கேண்டிடா ஆரிஸ். 2009இல் டோக்கியோவில் ஒரு மூதாட்டியின் காதிலிருந்து விவரிக்கப்பட்ட இந்த ஈஸ்ட், பிறகு உலகமெங்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பரவியது. கருவிகளின் பட்டியலில் அது இல்லாததால், பலவும் அதற்குக் கேண்டிடா ஹெமுலோனை என்று பெயர் சூட்டின. ஃபுளுகோனசோலுக்குப் பெரும்பாலும் அசையாத ஈஸ்ட், வேறு பெயரில் அறிக்கையில் உட்கார்ந்திருந்தது. எளிய துப்பு ஒன்று இருந்தது: ஆரிஸ் 42 டிகிரியிலும் வளரும், ஹெமுலோனை அந்தச் சூட்டைத் தாங்காது. இப்போது மால்டி-டாஃப் என்ற கருவி செல்லின் புரதங்களை லேசரால் சிதறடித்து, அவற்றின் எடை வரிசையைப் பட்டியலோடு ஒப்பிட்டுச் சில நிமிடங்களில் பெயர் சொல்லிவிடுகிறது. அதற்கும் பட்டியலில் அந்தப் பெயர் இருந்தாக வேண்டும். இல்லாதபோது மரபணுவைப் படிப்பதே வழி.

இரண்டு உருவத்தையும் வெப்பத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளும் பூஞ்சைகள்தான் ஆய்வகத்தில் மிகவும் பயமுறுத்துபவை. ஹிஸ்டோபிளாஸ்மா நம் உடலுக்குள் நுண்ணிய ஈஸ்டாக, வெள்ளணுக்களுக்குள் குடியிருக்கும். 25 டிகிரித் தட்டிலோ அது வெள்ளை இழையாக மெதுவாக வளரும், வாரக் கணக்கில் ஆகும். அதனால்தான் தட்டுகளை நான்கு வாரம் வரை வைத்துப் பார்த்துவிட்டே 'வளர்ச்சி இல்லை' என்று எழுதுகிறார்கள். முன்பெல்லாம் இழையை 37 டிகிரிக்கு மாற்றி ஈஸ்டாகத் திரும்புகிறதா என்று பார்த்தே உறுதி செய்தார்கள். இன்று மரபணுச் சோதனை அந்த வேலையைச் செய்கிறது. உடலிலுள்ள ஈஸ்ட் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. தட்டிலுள்ள இழையின் வித்துகள் மூடியைத் திறந்தாலே காற்றில் எழும், மூச்சில் போனால் நோய் வரும். ஆகையால் மெதுவாக வளரும் வெள்ளைப் பூஞ்சை எதையும் பாதுகாப்புப் பெட்டிக்கு வெளியே திறப்பதில்லை. கேண்டிடாத் தட்டில் ரொட்டி வாசனை வரும் என்று பாடப் புத்தகத்தில் படித்துவிட்டு, எந்தத் தட்டையும் மூக்கருகே கொண்டுபோகும் மாணவருக்கு அங்கே முதல் நாளே திட்டு விழும்.